வங்கிக் கடிதம் கடைக் குப்பையில் புதையாமல் இருக்க

கேள்வி: பத்து வருடமாக எனக்கு ஒரே ஜிமெயில் முகவரிதான். வங்கி, சிங்பாஸ், ஷாப்பி, லசாடா, பிள்ளையின் துணைப்பாட வகுப்பு, செய்திமடல் எல்லாம் அதற்குள்ளேயே வந்து விழுகின்றன. படிக்காதவை மட்டும் 11,000க்கு மேல். தனித்தனி முகவரி வைத்துக்கொண்டால் தீருமா? எத்தனை வேண்டும்? கடவுச்சொல் குழப்பம் வராதா?

தீரும். ஆனால் எண்ணிக்கையில் தாராளம் வேண்டாம். வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் சேர்த்து உண்மையிலேயே தனியான ஒரு கணக்கு. கடைகளுக்கு உங்களிடம் இப்போது இருக்கும் ஜிமெயிலிலேயே ஒரு மாற்று முகவரி, அதாவது அலியாஸ். செய்திமடல்களுக்கு, வேண்டாதபோது தூக்கியெறியக்கூடிய முகவரி. புதிதாக நினைவில் வைக்கவேண்டிய கடவுச்சொல் அநேகமாக ஒன்றே ஒன்றுதான். பழைய முகவரி மனிதர்களுக்கு: உறவினர், நண்பர், பள்ளி, மருத்துவர்.

இந்தப் பிரிவினையை நான் முதலில் செய்து கொடுத்தது செங்காங்கில் இருக்கும் என் அக்காவுக்கு. நான் ஒரு கிடங்கு நிறுவனத்தில் கணினி உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் கைப்பேசி என் கைக்குத்தான் வரும். ஒரு நவம்பர் 13 இரவு அக்கா கூப்பிட்டார். “தம்பி, என் கார்டுல யாரோ வெளிநாட்டுல சாமான் வாங்கியிருக்காங்கடா. பேங்க் ஒரு வார்த்தை சொல்லலை.” நேரில் போய்ப் பார்த்தால் வங்கி சொல்லித்தான் இருந்தது. 11ஆம் தேதி விடியற்காலை 2.40க்கு 386 வெள்ளிக்கு ஓர் அறிவிப்பு. மறுநாள் இன்னும் இரண்டு. மூன்றும் மின்னஞ்சலில் ஒழுங்காக வந்து, திறக்கப்படாமல் கிடந்தன.

அன்று 11.11 விற்பனை என்பதை மறந்துவிடாதீர்கள். 9ஆம் தேதியிலிருந்து 13ஆம் தேதி வரை வந்தவற்றை இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். மொத்தம் 174. வங்கியிலிருந்து 5, மனிதர்களிடமிருந்து 4, மீதி அத்தனையும் தள்ளுபடி, கூப்பன், “உங்கள் கூடை காத்திருக்கிறது” வகையறா. முதல் நாளிலிருந்தே அக்காவின் கைப்பேசி ஓயாமல் மணியடித்திருக்கிறது. மூன்றாம் நாளே மின்னஞ்சல் மணியை ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அதனால் பிரிக்கும்போது நான் அனுப்புகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்வேன். கடைக் கடிதத்துக்கு ஒன்றும் ஆகாது. செய்திமடலை இரண்டு மாதம் கழித்துக்கூடப் படிக்கலாம். வங்கியின் அறிவிப்பு மட்டும் அப்படியல்ல. அது கடிதம் என்பதைவிட அலாரம் என்பதே சரி.

சிங்கப்பூரில் அது அலாரமாக இருப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 2021 டிசம்பரில் வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் பலர் சேமிப்பை இழந்த பிறகு, 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சில நடவடிக்கைகளை அறிவித்தன. வங்கிகள் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் சொடுக்கும் இணைப்பு இருக்கக்கூடாது. பணம் மாற்றும்போது வரும் அறிவிப்புக்கான தொடக்கத் தொகை 100 வெள்ளி அல்லது அதற்கும் குறைவு. யாராவது உங்கள் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ மாற்றக் கேட்டால், ஏற்கெனவே பதிவில் இருக்கும் எண்ணுக்கோ முகவரிக்கோ தகவல் வரவேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். உங்கள் கணக்கைத் திருடுகிறவன் முதலில் செய்ய நினைப்பது தொடர்பு விவரத்தை மாற்றுவதைத்தான். அதைத் தடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம், அந்த ஒரு மின்னஞ்சலை நீங்கள் பார்க்கும் நேரத்தைப் பொறுத்தது.

இப்போது, வங்கிக்கு மட்டும் ஏன் முழுக் கணக்கு, அலியாஸ் போதாதா என்று கேட்பீர்கள். முதல் காரணம் மணி. கைப்பேசியில் ஜிமெயில் செயலி அறிவிப்பைக் கணக்கு வாரியாக வைக்கவிடுகிறது. அக்காவின் கைப்பேசியில் வங்கிக் கணக்குக்கு `All`, பழைய கணக்குக்கு `None` என்று வைத்தேன். ஐபோனில் சொற்கள் சற்று வேறாக இருக்கும், இடம் அதேதான்: `Settings` போய், கணக்கைத் தேர்ந்தெடுத்து, `Notifications`. மனிதர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் பழைய கணக்கு மணியடிக்காமல் இருப்பதில் அக்காவுக்கு நஷ்டமில்லை. இப்போது அவர் கைப்பேசியில் மின்னஞ்சல் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான்: வங்கி அல்லது அரசாங்கம். வாரத்துக்கு நாலைந்து முறை அடிக்கும், எடுத்துப் பார்ப்பார்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. அந்த முகவரியை வங்கியையும் அரசாங்கத்தையும் தவிர வேறு எவருக்கும் கொடுக்காமல், வங்கியில் இருக்கும் எல்லாப் பதிவையும் அதற்கு மாற்றி முடித்துவிட்டால், வங்கியின் பெயரில் பழைய முகவரிக்கு வரும் எந்தக் கடிதமும் படிக்காமலேயே பொய் என்று தெரிந்துவிடும். வங்கியின் பதிவில் அந்த வாசலே இனி இல்லையே! “உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, உடனே உள்நுழையவும்” என்று போன மாதம் ஒன்று வந்தது. சின்னமும் வண்ணமும் அச்சு அசல். அக்கா படம் பிடித்து எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: “கடை வாசல்ல வந்திருக்கு. அழிச்சிட்டேன்.”

இதைத் திருப்பிப் போட்டு நம்பிவிடக்கூடாது. வங்கி முகவரிக்கு வந்ததாலேயே ஒரு கடிதம் உண்மையாகிவிடாது. முகவரி எங்கிருந்தாவது கசியலாம், எதேச்சையாக ஊகித்தும் அனுப்பலாம். உள்ளே சொடுக்கும் இணைப்பு இருந்தால் எந்த வாசலில் வந்தாலும் தொடாதீர்கள். வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது.

கணக்கைத் தொடங்கும்போது பெயரில் கொஞ்சம் யோசியுங்கள். வங்கியின் பெயரையோ பிறந்த வருடத்தையோ போடாதீர்கள். தொலைபேசியில் எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டி வரும் என்பதால் கீழ்க்கோடு, ஓ எழுத்தா பூஜ்ஜியமா என்று குழப்புகிற கலவை இவையும் வேண்டாம். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டதும் ஜிமெயில் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, கடப்பிதழ் வைக்கும் இடத்தில் வையுங்கள். மீட்பு முகவரியாகப் பழைய ஜிமெயிலைக் கொடுக்கவே எல்லாருக்கும் கை போகும். கொடுத்தால், பழைய கணக்குக்குள் ஒருவன் புகுந்துவிட்டான் என்றால் வங்கிக் கணக்கின் சாவியும் அவனுக்குக் கிடைக்க வழி திறந்துவிடும். துணைவரின் முகவரியைக் கொடுங்கள்.

பிறகு வங்கிச் செயலியில் மின்னஞ்சலை மாற்றவேண்டும். பெரும்பாலும் சுயவிவரப் பக்கத்தில் இருக்கும், மின்னிலக்க டோக்கனில் உறுதி கேட்கும். மாற்றம் உடனே நடக்காமல் சில மணி நேரம் தாமதித்தால் பதறவேண்டாம். தொடர்பு விவர மாற்றத்துக்கு ஒரு காத்திருப்பு நேரம் வைக்கவேண்டும் என்பதும் அந்த 2022 நடவடிக்கைகளில் ஒன்று. மாற்றக் கேட்டீர்களா என்று பழைய முகவரிக்குத் தகவல் வந்தால், அமைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே வங்கி என்றாலும் சேமிப்புக் கணக்கு, கடன் அட்டை, முதலீடு, காப்புறுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முகவரி பதிந்திருக்கலாம். அக்கா சுயவிவரத்தில் மாற்றிவிட்டார், சேமிப்புக் கணக்கின் கடிதம் புது வாசலுக்கு வந்தது. அட்டையின் அறிவிப்பு மட்டும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வேண்டி நின்றது முக்கியமாக அதைத்தான்! இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. அட்டை அறிவிப்புக்கான தொகையைச் செயலி அனுமதிக்கும் அளவுக்குக் குறைத்து வைத்துவிட்டு, கீழே இறங்கிப்போய் அந்த அட்டையில் ஒரு காப்பி வாங்குங்கள். எந்தக் கணக்கில் மணி அடிக்கிறது என்று பாருங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு காப்பி. தொகையை அப்படியே குறைவாக விட்டுவைப்பதும் நல்லதுதான். பெரிய தொகையை எடுக்கும் முன் சின்னத் தொகையில் அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது திருடர்கள் வழக்கம்.

வங்கி முடிந்ததும் சிங்பாஸ், மசே நிதி, வருமான வரி, வீவக, காப்புறுதி. சிங்பாஸை முதலில் மாற்றுவது நல்லது. மைஇன்ஃபோ மூலம் படிவம் நிரப்பும்போது அங்கே இருக்கும் முகவரிதான் வந்து உட்காரும். பழையதே இருந்தால், அடுத்த வருடம் நீங்கள் தொடங்கும் ஏதோ ஒரு கணக்கு சத்தமில்லாமல் பழைய வாசலுக்குப் போய்விடும்.

அடுத்தது கடைகள். இங்கே புதுக் கணக்கு வேண்டாம். ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக்கொண்டால் அது உங்கள் பழைய பெட்டிக்கே வரும். எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் முகவரியின் பெயர்ப் பகுதி `peyar` என்று வைத்துக்கொள்வோம்:

```
peyar+kadai@gmail.com
```

கடைக்கு இதைக் கொடுத்துவிட்டு, ஜிமெயிலில் ஒரு வடிகட்டி போடவேண்டும். கணினியில்தான் முடியும், கைப்பேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. `See all settings` போய், `Filters and Blocked Addresses` என்ற பக்கத்தில் `Create a new filter`. `To` கட்டத்தில் மேலே உள்ள முகவரி. அடுத்த திரையில் `Skip the Inbox (Archive it)` என்பதையும் `Apply the label` என்பதையும் தேர்ந்தெடுத்து, “கடை” என்று ஒரு லேபிள் கொடுங்கள். அவ்வளவுதான். இனி 11.11, 12.12 எது வந்தாலும் நேராக அந்த அறைக்குள் போய்விடும். ஏதாவது வாங்கியிருந்தால் நீங்களாகப் போய்ப் பார்ப்பீர்கள்.

சில கடைகள் கடிதத்தில் உங்கள் முகவரியை `To` இடத்தில் போடாமல் அனுப்பும், வடிகட்டி அதைப் பிடிக்காது. அப்படி நழுவினால் `Has the words` கட்டத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்:

```
deliveredto:peyar+kadai@gmail.com
```

இந்த ஏற்பாடு போட்ட முதல் வாரமே அக்காவிடமிருந்து புகார் வந்தது. கடைச் செயலியில் உள்நுழையச் சரிபார்ப்பு எண் கேட்கிறது, எண் வரவே மாட்டேன் என்கிறது, மூன்று முறை அழுத்தியாயிற்று. எண் மூன்று முறையும் வந்திருந்தது. வடிகட்டி தன் வேலையைச் செய்து, அதையும் கடை அறைக்குள் தள்ளிவிட்டது. சரி என்று, தலைப்பில் `otp`, `verification`, `code` என்ற சொற்கள் இருந்தால் தொடாதே என்று வடிகட்டிக்குச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் உள்பெட்டி முழுக்கத் தள்ளுபடி. “பிரோமோ கோட்” என்று தலைப்பு வைத்தவை எல்லாம் அந்த மூன்றாவது சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டன. அந்தச் சொல்லை எடுத்துவிட்ட பிறகுதான் சரியானது. இப்போது அக்காவின் வடிகட்டி இதுதான்:

```
deliveredto:peyar+kadai@gmail.com -subject:(otp OR verification)
```

கூட்டல் குறியோடு வாழ்வதில் வேறு சில தொல்லைகளும் உண்டு. சில கடைகளின் படிவம் அந்தக் குறியைப் பார்த்ததும் தவறான முகவரி என்று சொல்லிவிடும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். மோசமானது வேறு: பதிவுப் படிவம் ஏற்றுக்கொள்ளும், உள்நுழையும் படிவம் ஏற்காது. பணம் கட்டிய பிறகுதான் இது தெரியவரும். அதனால் எந்தக் கடையிலும் பதிந்த கையோடு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்து பாருங்கள். இன்னொன்று, சந்தாவை நிறுத்தும் இணைப்பு வேலை செய்யாமல் போவது. இணைய முகவரிக்குள் கூட்டல் குறி வந்தால் சில தளங்கள் அதை வெற்று இடம் என்று படித்துக்கொள்ளும். அவர்கள் பட்டியலில் அப்படி ஒரு முகவரியே இல்லாததால், “நிறுத்திவிட்டோம்” என்று சொல்லிவிட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்ட கடைக்கு நேராக அழிக்கும் வடிகட்டி ஒன்று போட்டுவிடுவதுதான் சுலபம்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது வரும் சிக்கலை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். அளவு சரியில்லாத ஒரு ஜோடிக் காலணிக்காகக் கடையின் கடிதத்துக்குப் பதில் எழுதினேன். “இந்த மின்னஞ்சலில் எங்களிடம் எந்த ஆர்டரும் இல்லை” என்று வந்தது. வாங்கியது கூட்டல் முகவரியில், பதில் போனதோ வெறும் முகவரியிலிருந்து. அவர்கள் சொன்னது நியாயம்தான். `Settings` உள்ளே `Accounts and Import` பக்கத்தில் `Send mail as` என்ற இடத்தில் கூட்டல் முகவரியையும் சேர்த்துவிட்டால், எழுதும்போது அனுப்புநரை மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கடைக்காரரோடு தொலைபேசியில் “பிளஸ்” என்று சொல்ல, அவர் அதை எழுத்தாகவே தட்டச்சு செய்துகொண்டிருந்தார் என்பது தனிக் கதை.

கடைக்கு ஒரு சொல் என்று, ஒவ்வொரு கடைக்கும் வேறு வேறு சொல் போட்டால் யார் முகவரியை விற்றார்கள் என்று பிடிக்கலாமே என்பார்கள். பிடிக்கலாம், சில சமயம். முகவரிப் பட்டியல் விற்கிறவர்களுக்குக் கூட்டல் குறியைத் தெரியாதா என்ன? குறியிலிருந்து @ வரை வெட்டிவிட்டால் உங்கள் அசல் முகவரி கையில். கூட்டல் முகவரி உங்களுக்கு அடுக்கி வைக்கும் அலமாரி மட்டுமே, ஒளிந்துகொள்ளும் திரை அல்ல. நான் எல்லாக் கடைகளுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறேன். பத்துச் சொல் வைத்தால், எந்தக் கடையில் எதைக் கொடுத்தோம் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

உண்மையிலேயே ஒளியவேண்டிய இடத்துக்குத்தான் மூன்றாவது வகை. ஆப்பிள் கைப்பேசியில் கட்டண ஐகிளவுட்+ இருந்தால் `Hide My Email` என்ற வசதி உண்டு. கேட்கும்போதெல்லாம் அர்த்தமில்லாத ஒரு முகவரியை உருவாக்கி, அதற்கு வருவதை உங்கள் பெட்டிக்கு அனுப்பும். ஃபயர்ஃபாக்ஸ் ரிலே இலவசமாக ஐந்து முகவரி தருகிறது. செய்திமடல், கடைத்தொகுதியில் இலவசப் பைக்காக நிரப்பச் சொல்லும் படிவம், வைஃபைக்கு மின்னஞ்சல் கேட்கும் காப்பிக்கடை எல்லாவற்றுக்கும் இது போதும். தொல்லை ஆரம்பித்தால் சந்தாவை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சவேண்டியதில்லை, முகவரியையே அணைத்துவிடலாம். தாங்களாக மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் தலைப்பில் `<ADV>` என்று போடவேண்டும், நிறுத்தச் சொன்னால் 10 வேலை நாளுக்குள் நிறுத்தவேண்டும் என்று இங்கே 2007ஆம் ஆண்டின் வேண்டா அஞ்சல் சட்டம் சொல்கிறது. மதித்து நடக்கிறவர்களுக்கு அது போதும். மதிக்காதவர்களுக்கு அணைக்கும் பொத்தான்.

இந்தத் தூக்கியெறியும் முகவரியை வங்கிக்கோ சிங்பாஸுக்கோ கொடுக்காதீர்கள். நடுவில் இருக்கும் சேவை நின்றாலோ, சந்தாவை நீங்கள் மறந்தாலோ, கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் வந்து சேர வழியில்லாமல் போகும். காசு கொடுத்து வாங்கும் இடத்திலும் நான் தயங்குவேன். ஒரு வருட உத்தரவாதத்தோடு வாங்கிய சலவை இயந்திரத்தின் ரசீது, நீங்கள் அணைத்துவிட்ட முகவரியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

இனி, பழைய 11,000. அதைச் சுத்தம் செய்ய உட்காராதீர்கள். வங்கியையும் அரசாங்கத்தையும் மட்டும் ஒரு சனிக்கிழமை காலையில் மாற்றிவிடுங்கள், இரண்டு மணி நேர வேலை. கடைகளை அவர்கள் கடிதம் வரும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள்: இன்னும் வாங்குகிற கடை என்றால் உள்ளே போய்க் கூட்டல் முகவரிக்கு மாற்றுங்கள், வாங்காத கடை என்றால் கணக்கையே மூடிவிடுங்கள். மூடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. 2020இல் ரெட்மார்ட்டின் பழைய தரவுத்தளம் ஒன்றிலிருந்து 11 லட்சம் கணக்குகளின் விவரம் திருடுபோனது. நீங்கள் மறந்துபோன கடை உங்களை மறந்திருக்காது. அக்காவுக்கு இந்த வேலை முழுக்க முடிய ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது, ஒருநாளும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரவில்லை. எந்த இடத்தில் எந்த முகவரி என்பதைக் கடவுச்சொல் பெட்டகம் தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். ஐபோனிலும் குரோமிலும் ஏற்கெனவே இருப்பதே போதும். அதனால் நீங்கள் பயப்படும் குழப்பம் வராது.

வங்கிக் கணக்கைப் பற்றி இரண்டு எச்சரிக்கை பாக்கி. இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி. செயலியில் கணக்கைச் சேர்த்து, வரும் கடிதத்தைத் திறந்து படித்துக்கொண்டிருந்தால் கவலையில்லை. புதுக் கணக்குக்கு வருவதையெல்லாம் பழைய முகவரிக்குத் திருப்பிவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அப்படித் திருப்பிவிடுவது பிரித்ததன் பயனையே கெடுக்கும் என்பதும் இருக்கிறது.

மற்றது, வேலை ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு. எங்கள் நிறுவனத்தில் ஒரு அண்ணன் விமானம் ஏறும் வாரத்தில் கைப்பேசி எண்ணைத் துண்டித்துவிட்டுப் போனார். தஞ்சாவூர் போய்ப் புதுக் கைப்பேசி வாங்கி மின்னஞ்சலுக்குள் நுழையப் பார்த்தால், சரிபார்ப்பு எண் இங்கே செத்துப்போன சிங்கப்பூர் எண்ணுக்குப் போகிறது. மின்னஞ்சல் திறக்காததால் வங்கியில் தொடர்பு விவரத்தை மாற்ற முடியவில்லை, கடைசி மாதச் சம்பளம் இங்கேயே கணக்கில் கிடந்தது. அவர் அறைத்தோழர் பெட்டிக்குள் கிடந்த பழைய கைப்பேசியைத் தேடி எடுத்தார். அதில் ஜிமெயில் இன்னும் திறந்தே இருந்தது, அதனால் மீட்டோம். ஊருக்குப் போகிற எண்ணம் இருந்தால், சிம்மைத் துண்டிப்பதற்கு ஒரு வாரம் முன்பே மீட்பு எண்ணை இந்திய எண்ணுக்கு மாற்றி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து பார்த்துவிடுங்கள். காப்புக் குறியீடு எழுதிய தாளை விமானத்தில் கைப்பைக்குள் வையுங்கள்.